இன்டென்ஷன், நாலெட்ஜ், பிரீமெடிடேஷன்: ஒரே ‘நோக்கம்’ மூன்று வேடம் போடுகிறது

கயல்விழி:

அனைவருக்கும் வணக்கம். தமிழ் வழியில் சட்டத் தேர்வு எழுதுபவர்களுக்காக ஒரு மாதிரி விடை எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய கேள்விதான்: திடீரென மூண்ட சண்டையில் ஒருவன் செத்துப்போனால் அது கொலையா, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமா? சட்டத்தில் சிக்கல் இல்லை, சொல்லில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டனை சொல்வது 105-ஆம் பிரிவு: இன்டென்ஷன் இருந்தால் முதல் பகுதி, நாலெட்ஜ் மட்டும் இருந்தால் இரண்டாம் பகுதி. போன வாரம் திருத்திய தாள்களில் பாதிப்பேர், “முன்நோக்கம் இல்லை, ஆகவே உள்நோக்கம் இல்லை, ஆகவே 105-இன் இரண்டாம் பகுதி” என்று எழுதியிருந்தார்கள். தப்பு. ஆனால் அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. மோட்டிவுக்கு நோக்கம், இன்டென்ஷனுக்கு உள்நோக்கம், பிரீமெடிடேஷனுக்கு முன்நோக்கம் என்று சொல்லிக்கொடுத்தது நாம்தானே. முன்னது போனால் பின்னதும் போய்விடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நாலெட்ஜுக்கு ‘அறிவு’ என்று வைத்திருக்கிறோம், அதற்கு ஒருவர் எழுதிய விடை: “எதிரி எட்டாம் வகுப்பு வரையே படித்தவர், எனவே அவருக்கு அறிவு இருந்ததாகக் கருத இயலாது.”

நான் கொடுத்த நிகழ்வு இது. வண்டி நிறுத்துவதில் கதிருக்கும் மாரிக்கும் வாய்த்தகராறு. மாரி சட்டையைப் பிடிக்கிறான், கதிர் தள்ளுகிறான், மாரி முகத்தில் குத்துகிறான், கதிருக்கு மூக்கில் ரத்தம். சட்டையை மாரி இன்னும் விடவில்லை. பக்கத்தில் கட்டட வேலைக்குக் கிடந்த ரீப்பர் கட்டையை எடுத்துக் கதிர் ஒரே வீச்சு வீசுகிறான், அது தலையில் படுகிறது. மாரி விழுந்ததும் கட்டையைப் போட்டுவிட்டு அங்கேயே நிற்கிறான். ஒன்பதாம் நாள் மாரி மருத்துவமனையில் இறக்கிறான். பொட்டெலும்பில் முறிவு, உள்ளே ரத்தக்கட்டு. இயற்கையான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமான காயம் என்கிறார் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர்.

இன்டென்ஷன், நாலெட்ஜ், பிரீமெடிடேஷன் மூன்றுக்கும் மூன்று சொல் வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டாத வேரில்.

நந்தகுமார்:

அக்கா, இதில் சொல் பிரச்சினை எங்கே இருக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை. திடீர்ச் சண்டை என்றாலே யோசிக்க நேரம் கிடையாது, யோசிக்காதவனுக்கு இன்டென்ஷன் எங்கிருந்து வரும்? கொலைப் பிரிவில் திடீர்ச் சண்டைக்கென இருக்கும் நாலாவது விலக்கு பொருந்தும், நேராக இரண்டாம் பகுதி. அதுவும் ஒரே அடி. மாணவர்கள் எழுதியது சரிதான் என்று படுகிறது.

சிவராமன்:

தம்பி நந்தகுமார், விலக்கு என்றால் எதிலிருந்து விலக்கு? கொலையிலிருந்து. கொலையை வரையறுக்கும் 101-ஆம் பிரிவுக்குள் நுழையாத செயலை அதிலிருந்து எப்படி விலக்குவீர்கள்? நாலாவது விலக்கைக் கையில் எடுத்தாலே, “இது கொலைதான், ஆனாலும்” என்று ஒப்புக்கொண்டுதான் எடுக்கிறோம். இல்லாதிருக்க வேண்டியது முன்கூட்டிய திட்டம். இன்டென்ஷன் இருக்கலாம். கட்டையை ஓங்குகிற அந்த அரை நொடியிலும் அது பிறக்கலாம். அப்படிப் பிறந்து, விலக்கும் பொருந்தினால் கிடைப்பது 105-இன் முதல் பகுதி.

ஒரே அடி என்பதையும் விட்டுவிடுங்கள். 1958-இல் விர்சா சிங் வழக்கில் ஈட்டியால் வயிற்றில் ஒரே குத்து, கொலைதான் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நீதிபதி விவியன் போஸ் சொன்னது எளிது. கொல்ல நினைத்தானா என்று கேட்காதே, அந்தக் காயத்தைப் போட நினைத்தானா என்று கேள். அது சாகடிக்கப் போதுமானதா என்பது மருத்துவத்தை வைத்துப் பார்க்க வேண்டியது, அவன் மனசை வைத்து அல்ல. மறுபக்கம், காயம் பல இருந்தால் விலக்கு போய்விடும் என்பதும் இல்லை. எண்ணிக்கை மட்டுமே முடிவு செய்யாது என்று 1989-இல் சுரிந்தர் குமார் வழக்கில் சொல்லியாயிற்று.

சொல்லுக்கு வருகிறேன். முப்பது வருஷம் வாக்குமூலங்களை மொழிபெயர்த்தவன் என்ற முறையில் ‘உள்நோக்கம்’ வேண்டவே வேண்டாம் என்பேன். பேச்சில் அதற்கு மறைவான, கெட்ட எண்ணம் என்றுதான் பொருள். இன்டென்ஷனுக்கு ‘உட்கருத்து’, மோட்டிவுக்கு ‘நோக்கம்’, பிரீமெடிடேஷனுக்கு ‘முன்திட்டம்’. “முன்திட்டம் இல்லை, உட்கருத்து உண்டு” என்று எழுதிப் பாருங்கள். முட்டிக்கொள்ளாது.

பாஸ்கரன்:

நான் வழக்கறிஞர் இல்லை, சும்மா படிப்பவன். எங்கள் சித்தப்பா மகன் மேல் இதே மாதிரி ஒரு வழக்கு ஓடுகிறது. வரப்புத் தகராறு, அவனைத்தான் முதலில் அடித்தார்கள். வீட்டுக்குப் போய் அரிவாள் எடுத்து வந்து வெட்டிவிட்டான். இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது. இது திடீர்ச் சண்டைதானே? முதலில் அடித்தது அவர்கள் என்பதால் தற்காப்பில் வராதா?

சிவராமன்:

பாஸ்கரன், உங்கள் வக்கீலிடம் கேட்க வேண்டியதை நான் இங்கே தீர்த்துவைக்க முடியாது. பொதுவாக ஒன்று சொல்கிறேன். முதலில் யார் அடித்தது என்பது நாலாவது விலக்குக்குப் பொருட்டே இல்லை, பிரிவின் விளக்கத்திலேயே அப்படி இருக்கிறது. தற்காப்பு வேறு கதை, அது இரண்டாவது விலக்கின் பக்கம். உங்கள் வீட்டு வழக்கில் அரசுத் தரப்பு பிடித்துக்கொள்ளப்போவது அந்த இருபது நிமிஷத்தை. சண்டையை விட்டு வீட்டுக்குப் போனான், ஆயுதம் தேடினான், திரும்பி வந்தான் என்றால் ஆவேசம் தணிய இடம் இருந்தது என்பார்கள். கதிருக்குக் கட்டை காலடியில் கிடந்தது. சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன்பு என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 300, 302, 304 பிரிவுகள்தான் பேசும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவி:

உட்கருத்து, முன்திட்டம் இரண்டும் சரி. நாலெட்ஜுக்குத் ‘தெரிந்திருத்தல்’ என்று வைத்தால் என்ன? யாருக்கும் புரியும்.

கயல்விழி:

தேவி, நானும் முதலில் அதைத்தான் எழுதினேன், அப்புறம் அடித்துவிட்டேன். “தெரிஞ்சே செஞ்சான்” என்றால் நம் காதில் என்ன விழுகிறது? வேண்டுமென்றே செய்தான் என்று விழுகிறது. அது இன்டென்ஷன். சட்டம் சொல்வது அதைவிட மெலிந்தது: சாவு நேரக்கூடும் என்று அவனுக்குத் தெரியும், அதை அவன் விரும்பவில்லை, குறிவைக்கவும் இல்லை, ஆனாலும் செய்தான். ‘விளைவறிவு’ என்று ஒட்டிப் பார்த்தேன். என்ன விளையும் என்ற அறிவு. எட்டாம் வகுப்புக்காரருக்கும் அது உண்டு.

சிவராமன்:

விளைவறிவு கொஞ்சம் செய்த சொல்லாகத் தெரிகிறது, ஆனாலும் வேலை செய்யும். 101-இன் இரண்டாம் கூறில் வைத்தும் பார்த்தேன். நோயாளி என்று தெரிந்து, இந்த அடிக்கே இவன் போய்விடுவான் என்று அறிந்து அடிப்பவன் அங்கே வருகிறான். அவனுக்கும் பொருந்துகிறது.

இன்னொன்று யாரும் கேட்கவில்லை. ‘திடீர்ச் சண்டை’யே எனக்கு உறுத்துகிறது. சட்டத்தில் முதலில் தகராறு, அதிலிருந்து சண்டை என்று இரண்டு படி. தமிழில் வாய்ச்சண்டையும் சண்டைதான். நீதிமன்றங்கள் கேட்பது இரண்டு பக்கமும் கை ஓங்கியிருக்க வேண்டும் என்பது. திட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவன் மட்டும் அடித்து, மற்றவன் வாங்கிக்கொண்டு செத்தால் அங்கே தகராறு உண்டு, சட்டம் கேட்கும் சண்டை இல்லை. ‘கைகலப்பு’ என்றால் அந்த இருபக்கம் சொல்லுக்குள்ளேயே வந்துவிடும்.

நந்தகுமார்:

ஐயா, கத்தியும் கம்புமாக மோதிக்கொண்டால் அதைக் கைகலப்பு என்பார்களா? எங்கள் பக்கம் அது அடிதடி.

கயல்விழி:

நல்ல கேள்வி, என்னிடம் பதில் இல்லை. இப்போதைக்குக் கைகலப்பை வைத்தே விடையைத் திருத்தியிருக்கிறேன்:

“கதிருக்கு முன்திட்டம் இல்லை. கட்டை அவன் கொண்டுவந்தது அன்று, இடமும் அவன் தேர்ந்தது அன்று. ஆனால் இதனால் மட்டும் உட்கருத்து இல்லை என்று ஆகிவிடாது. அவன் தலையைக் குறிவைத்து ஓங்கினானா, அல்லது வீசியது தலையில் பட்டதா என்பதே முதல் கேள்வி. குறிவைத்தான் என்றால் அந்தக் காயத்தைப் போடும் உட்கருத்து உண்டு. மருத்துவர் சாட்சியப்படி அது இயற்கையான போக்கில் சாகடிக்கப் போதுமானது. எனவே 101-இன் மூன்றாம் கூறுப்படி கொலை. பிறகே நாலாவது விலக்கு. தகராறு கைகலப்பானது, இருவரும் அடித்தனர், ஆவேசம் தணிய இடைவெளி இல்லை, விழுந்தவனை மறுபடி அடிக்கவில்லை. வெறுங்கையனைக் கட்டையால் அடித்தது முறையற்ற சாதகம் ஆகுமா என்று பார்க்க வேண்டும். மாரியின் பிடியில் இருந்தபடி, கைக்குக் கிடைத்ததை ஒருமுறை வீசியதை அப்படிச் சொல்வது கடினம். விலக்கு பொருந்தும், 105-இன் முதல் பகுதி: ஆயுள், அல்லது 5 முதல் 10 ஆண்டு.

“குறிவைத்தது நிரூபணமாகவில்லை என்றால் மூன்றாம் கூறு வராது. ஆனாலும் நெருங்கி நிற்பவன் மேல் கட்டையை வீசினால் உயிர் போகலாம் என்ற விளைவறிவு அவனுக்கு இருந்தது. அப்போது கொலையே இல்லை, விலக்கைத் தொடவே வேண்டாம். இரண்டாம் பகுதி, 10 ஆண்டு வரை. மூக்கில் ரத்தம், சட்டை மாரியின் பிடியில், ஒரே வீச்சு, உடனே கட்டையைப் போட்டது ஆகியவற்றால் இரண்டாம் பகுதியே இங்கு பொருந்தும்.”

சிவராமன்:

கட்டமைப்பு சரி. முடிவில் ஒத்துப்போகவில்லை. சட்டையைப் பிடித்திருப்பவனின் தலை கைக்கெட்டும் தூரத்தில், கண்ணுக்கு நேரே இருக்கிறது. அந்த நெருக்கத்தில் பொட்டெலும்பை உடைக்கிற வேகத்தில் வீசியவன் தலையைப் பார்க்கவே இல்லை என்று நான் நம்பமாட்டேன். என் விடை முதல் பகுதி. இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுங்கள். இன்னொரு திருத்தம்: 5 ஆண்டு குறைந்தபட்சம் புதிய சட்டத்தில் வந்தது, பழைய 304-இல் இல்லை. ஜூலை 2024-க்கு முந்தைய நிகழ்வைத் தேர்வில் கொடுத்தால் அதை எழுதக் கூடாது என்று அடிக்குறிப்பு போடுங்கள்.

தேவி:

மருத்துவச் சாட்சியத்தையும் ஒருமுறை பாருங்கள். ‘மரணம் விளைவிக்கப் போதுமான’ காயத்துக்கும் ‘மரணம் விளைவிக்கக்கூடிய’ காயத்துக்கும் தமிழில் ஓர் எழுத்துச் சங்கிலிதான் வித்தியாசம். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் எங்கள் ஆட்கள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். முதலாவது 101-க்குத் தள்ளும், இரண்டாவது, மரணம் விளைவித்த குற்றத்தை வரையறுக்கும் 100-இலேயே நிற்கும். அதற்கும் சொல் யோசிக்க வேண்டுமா, தனி இழையாகத் தொடங்கட்டுமா?

நந்தகுமார்:

தொடங்குங்கள். அதற்குள் நான் என் பழைய விடைத்தாளைத் தேடி எடுக்கிறேன், அதிலும் இரண்டாம் பகுதி என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். அடிதடி என் ஓட்டு.