கறுப்புக் களிசானின் பின்பக்கம் மின்னுது: ஈரத்தோட அயன் பண்றதாலயா, உட்கார்றதாலயா?

பண்டாரவளை அக்கா: ஒபிஸ் களிசான் ரெண்டு, லேபலில் 65 பொலியஸ்டர், 35 விஸ்கோஸ்னு இருக்கு. நுவரெலியா பேல் பஸாரில் எடுத்த கருநீல ஸ்கர்ட் ஒன்று, அதில் லேபல் இல்லை. மூன்றுமே உட்காரும் இடத்தில் எண்ணெய் தடவின மாதிரி மின்னுது. மழை மாசத்தில் துணி காயாது, அதனால அரை ஈரத்தோட சூடா அயன் பண்ணித்தான் காய வைக்கிறது. அதுதான் காரணமா?

தலவாக்கலை: இது வியர்வையும் அழுக்கும் படியிறதுங்க. ஒரு பங்கு வினாகிரிக்கு மூணு பங்கு தண்ணி கலந்து துணியில் தொட்டுத் துடைச்சா போயிரும்.

ஹற்றன் தையல்: அழுக்கும் சவர்க்காரமும் படிஞ்சிருந்தா வினாகிரி அதை எடுக்கும், அந்த அளவுக்குச் சரி. ஆனா மினுக்கம் பெரும்பாலும் துணியிலேயே நடந்த மாற்றம். புதுத் துணியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பஞ்சு எழும்பி நிற்கும். வெளிச்சம் அதில் பட்டு நாலா பக்கமும் சிதறும், அதனாலதான் துணி மங்கலா இருக்கும். கதிரையிலும் பஸ் சீட்டிலும் உரசி அந்தப் பஞ்சு உதிர்ந்து, நூலோட முதுகு தட்டையானா, வெளிச்சம் கண்ணாடியில் பட்ட மாதிரி ஒரே பக்கமாத் திரும்பும். கறுப்பு, கருநீலத்தில்தான் இது கண்ணில் குத்தும்.

அக்கா, முதல்ல ஜன்னல் பக்கம் சரிச்சுப் பிடிச்சுப் பாருங்க. உட்கார்ந்து வந்த மினுக்கம் ரெண்டு பக்கமும் ஓரமே தெரியாத திட்டா இருக்கும். அயனால் வந்தது மேடான இடத்தில் கோடா இருக்கும்: பின்பொக்கெட் விளிம்பு, நடுத் தையல், பெல்ட் போடுற வளையம். உள்ளே மடிப்பு தடிப்பா இருக்கிற இடத்தில் அயனோட பாரம் முழுசும் இறங்கும்.

பதுளை: ஸ்கூல் வெள்ளைச் சட்டையும் மின்னுதே, அதுக்கும் இதேதானா?

ஹற்றன் தையல்: அது கஞ்சி மினுக்கம். துவைச்சா போயிரும், பருத்திக்கு அது பெரிய விசயம் இல்லை.

நுவரெலியா லோன்றி: ஈரத்தோட அயன் பண்றதைப் பற்றி. பொலியஸ்டர் சூட்டில் இளகும் இழை. இளகியிருக்கும்போது அயன் அழுத்தினா உருண்டை இழை தட்டையாகி, ஆறினதும் அப்படியே நின்னுரும். ஈரம் மட்டும் அதைக் கெடுக்காது. ஆனா ஈரத்தைக் காய வைக்கணும்னு அயனை மூணு புள்ளிக்குத் திருப்பி, ஒரே இடத்தில் அழுத்திப் போட்டு எடுக்கிறோமே, அங்கதான் கெடுது. மூணு புள்ளின்னா ஏறக்குறைய 200 பாகை. பொலியஸ்டர் கலந்ததுக்கு ரெண்டு புள்ளி, 150 பாகையே மேல் எல்லை. பொலியஸ்டரில் விழுந்த தட்டை திரும்பாது. கொஞ்சம் மங்க வைக்கலாம், அவ்வளவுதான்.

காயாத களிசானை உள்பக்கம் வெளியே திருப்பி, ஹேங்கரில் அடுப்படிக்குத் தள்ளி ஒரு ராத்திரி தொங்க விடுங்க. காய்ஞ்ச பிறகு, அதே மாதிரி உள்பக்கத்திலேயே மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மேலே விரிச்சு அயன் பண்ணுங்க. அயனை இழுக்காம, வச்சு எடுத்து வச்சு எடுத்துப் போங்க.

தலவாக்கலை: மெல்லிய மண்கடதாசி லேசா தேய்ச்சா பஞ்சு எழும்பும்னு சொல்றாங்களே?

நுவரெலியா லோன்றி: தடிச்ச பருத்தியில் கொஞ்சம் பலன் தெரியும். மெல்லிய களிசானில் துணியே தேயும், நான் சொல்ல மாட்டேன்.

ஹற்றன் தையல்: தேய்ஞ்ச கம்பளித் துணியில் ரெண்டு தடவை மெதுவா செஞ்சா பிழையில்லைன்னுதான் எனக்குப் படுது. அதை விடுங்க. ஸ்கர்ட் என்ன இழைன்னு பார்க்கணும். உள் தையல் ஓரத்தில் ரெண்டு நூல் உருவி, தட்டுக்கு மேலே இடுக்கியில் பிடிச்சுத் தீ வையுங்க. முடி கருகின வாசம் வந்து, கரி விரலில் தூளானா கம்பளி. உருகி, நுனியில் கெட்டியான கறுப்பு மணி வந்தா பொலியஸ்டர்.

கம்பளின்னா நல்ல சேதி. அந்த இழை ஈரமும் சூடும் பட்டா தட்டையிலிருந்து எழும்பும். பருத்தித் துணியை நனைச்சுப் பிழிஞ்சு மினுக்கத்தின் மேலே விரிச்சு, அயனைத் தொட்டும் தொடாமலும் மூணு நாலு செக்கன் பிடிங்க, பாரம் கொடுக்காதீங்க. ஆவி கிளம்பினதும் துணியை எடுத்து, சூடு ஆறுறதுக்குள்ள மென்மையான பிரஷால் மேல்நோக்கித் தட்டி விடுங்க. பிறகு முழுசா ஆறும் வரை உட்காரவும் மடிக்கவும் வேண்டாம். பஞ்சே உதிர்ந்து பின்னல் கோடு மொட்டையாத் தெரிஞ்சா, ஆவிக்கு எழுப்ப ஒன்றும் மிச்சம் இருக்காது.

பண்டாரவளை அக்கா: களிசானில் பொக்கெட் விளிம்பில் கோடு, நடுவில் திட்டு, ரெண்டுமே இருக்கு. ஸ்கர்ட் நூலில் முடி வாசம் வந்துச்சு, ஆனா நுனியில் சின்ன மணியும் இருக்கே?

ஹற்றன் தையல்: அப்ப கலப்பு, அக்கா. ரெண்டு புள்ளிக்கு மேலே போகாம அதே ஆவியைக் கொடுங்க. கம்பளிப் பங்கு எழும்பும், பொலியஸ்டர்ப் பங்கு அப்படியே கிடக்கும். முதல்ல இடுப்புப் பட்டியின் உள்பக்கத்தில் ஒரு தடவை செஞ்சு, ஆறின பிறகு பாருங்க.