கைநாட்டுக்குப் பக்கத்தில் பெயர் எழுதுவது: குமரி மாவட்ட அனுபவங்கள்

மகளிர் குழு கணக்கர், மார்த்தாண்டம்
அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கும் அக்காமார் கடன் படிவத்தில் ரேகை வைத்தால் பாதிப் பேருக்கு வெறும் ஊதாத் திட்டுதான் விழுகிறது. பெயரை யார் எழுதணும், எங்கே எழுதணும் என்பதிலும் ஆளுக்கொரு பேச்சு. வழக்கமாகச் செய்கிறவர்கள் சொல்லுங்கள்.

ஆவண எழுத்தர், தக்கலை
முதலில் ரேகை. முந்திரித் தோட்டு எண்ணெய் தோலை அரித்துவிடும், அதனால் ரேகை மேடுகள் தேய்ந்திருக்கும். அந்த விரலுக்கு நனைந்த ஸ்டாம்ப் பேட் ஆகவே ஆகாது. மை பள்ளத்துக்குள் இறங்கி எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பேடில் லேசாக ஒற்றி, கழிவுத்தாளில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். மேடுகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு தெரிந்தால்தான் படிவத்துக்குப் போகணும்.

படிவம் கெட்டியான மேசைமேல் இருக்கட்டும். விரலை நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே ஒரு தடவை உருட்டி, நேராக மேலே தூக்குங்கள். அவர் தானாக அழுத்தினால் வழுக்கும். கையைத் தளரவிடச் சொல்லி நீங்கள் பிடித்து உருட்டுங்கள். கலங்கிவிட்டால் அதன்மேலேயே இன்னொன்று வைக்கக்கூடாது. பக்கத்தில் புதிதாக வைத்து, "முதல் ரேகை தெளிவில்லாததால் மீண்டும் வைக்கப்பட்டது" என்று எழுதிச் சாட்சி கையெழுத்துப் போடட்டும்.

பெயரைப் பொறுத்தவரை, ரேகை காய்ந்த பிறகுதான் பேனாவை எடுக்கணும். ரேகைக்கு மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. எழுத்து ரேகையைத் தொடக்கூடாது. ஆதாரில் தங்கம்மாள், ஊரில் தங்கம்மை என்று வைத்துக்கொள்வோம். வாயால் சொன்னதை மட்டும் எழுதினால் நாளைக்கு இரண்டு ஆள் ஆகிவிடும். அட்டையைப் பார்த்து மேலே இப்படி எழுதுங்கள்: "பால்ராஜ் மனைவி தங்கம்மாள் என்ற தங்கம்மையின் இடது கைப் பெருவிரல் ரேகை". கீழே: "வாசகம் முழுவதும் படித்துக் காட்டப்பட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு, என் முன்னிலையில் வைத்த ரேகை". அதற்கடியில் சாட்சியின் கையெழுத்து, பெயர், தகப்பனார் பெயர், முகவரி, தேதி. இந்த இரண்டு வரியையும் சாட்சியே தன் கையால் எழுதுவது நல்லது. பிறகு கேள்வி வந்தால் கையெழுத்தும் எழுத்தும் ஒரே கை என்று தெரியும்.

மளிகைக்கடை, இரணியல்
ஆணுக்கு இடது, பெண்ணுக்கு வலது. அதுதான் சட்டம்.

ஆவண எழுத்தர், தக்கலை
அப்படி ஒரு வழக்கம் சில அலுவலகங்களில் உண்டு அண்ணே, இல்லையென்று சொல்லவில்லை. இங்கே பத்திரத்தில் இருவருக்கும் இடதுதான் வைக்கிறோம். எந்தக் கை, எந்த விரல் என்று எழுதியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். இடது பெருவிரலில் காயமென்றால் வேறு விரல் வைக்கலாம், காரணத்தையும் எழுதிவிடணும்.

வாசகர், குளச்சல்
எங்க அம்மைக்கு ரேஷன் கடை மிஷினில் விரல் பதியவே மாட்டேங்குது. சாட்சி வைத்து வாங்கலாமா?

மகளிர் குழு கணக்கர், மார்த்தாண்டம்
இது தாளில் வைக்கிற ரேகை பற்றிய பேச்சு. மிஷினுக்குக் கண் கருவிழிப் பதிவு இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், குழித்துறை
ரேகைக்கு முன்னால் ஒன்று கேட்கணும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் 1956-க்கு முன்னால் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் படித்த பெரியவர்கள் சிலருக்குத் தமிழ் வராது, மலையாளத்தில் கையெழுத்து வரும். "எழுதத் தெரியுமா?" என்றால் இல்லை என்பார்கள். பேனாவைக் கொடுத்துப் பாருங்கள். கையெழுத்து வந்தால் அதையே வாங்கி, வாசகத்தை மலையாளத்தில் விளக்கிச் சொன்னதாகச் சாட்சி எழுதட்டும்.

வங்கி ஊழியர் (ஓய்வு), நாகர்கோவில்
படுத்த படுக்கையாக இருக்கிறவர் பணம் எடுக்க, கைவிரல் ரேகையோ கால் பெருவிரல் ரேகையோ வாங்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சி அடையாளம் காட்டணும். அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்கணும். குழுக் கடனுக்கு ஒரு சாட்சி போதுமென்று சொல்லும் கிளையும் உண்டு, இரண்டு கேட்கும் கிளையும் உண்டு. படிவத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளிர் குழு கணக்கர், மார்த்தாண்டம்
குழுத் தலைவியே சாட்சி போடலாமா சார்? கடனில் அவங்களுக்கும் பங்கு உண்டு.

ஆவண எழுத்தர், தக்கலை
வேண்டாம். பணத்தில் பங்கில்லாத, அந்த அக்காவை நேரில் தெரிந்த ஆள் வேணும். உயில் என்றால் இன்னும் கவனம்: குறைந்தது இரண்டு சாட்சி, இருவரும் அவர் ரேகை வைப்பதை நேரில் பார்த்திருப்பதே பாதுகாப்பு. கிறிஸ்தவர் எழுதும் உயிலில் சொத்துப் பெறுகிறவரோ அவர் கணவன் மனைவியோ சாட்சி போட்டால், உயில் நிற்கும், அவருக்கு எழுதிய பங்கு போய்விடும்.