புதுப்பிப்பு: விடுப்பைப் பாதியில் முடிக்கச் சொன்ன மேலாளருக்கு எழுதிய பதில்

என் கேள்வி: "ஏற்காட்டில் விடுப்பில் இருக்கிறேன். அவசர வேலை, சேலம் அலுவலகத்துக்கு உடனே வாருங்கள் என்கிறார் மேலாளர். என்ன எழுதுவது?"

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. "மறுக்காதீர்கள், நிபந்தனையை எழுதி வாங்குங்கள்" என்ற அக்காவின் யோசனைதான் பலித்தது. அனுப்பியது இது:

"சார், வியாழன், வெள்ளி வருகிறேன். அந்த இரண்டு நாளும் விடுப்புக் கணக்கில் திரும்பச் சேர வேண்டும். வீணாகும் அறை வாடகை 3,200 ரூபாயை அலுவலகம் தர வேண்டும். சம்மதம் என்று மின்னஞ்சலில் ஒரு வரி வந்ததும் கிளம்புகிறேன்."

இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கும் முன்பே சம்மதம் வந்தது, வாடகையில் பாதிக்கு மட்டும். விடுப்பில் இருப்பவரை அழைக்கவே கூடாது என்று இங்கே எழுதியவர் சொன்னது பாதிதான் சரி. எங்கள் பணி விதி அவசரத்துக்கு அழைக்க இடம் தருகிறது. மருத்துவ விடுப்பு பற்றி எழுதிய அண்ணன் கேள்வியையே மாற்றிப் படித்துவிட்டார்.

எதிர்பாராதது: மென்பொருளில் பழைய விண்ணப்பத்தை நான் ரத்து செய்யாததால் இரண்டு நாளும் கழிந்திருந்தன. அந்த ஒரு வரியைக் காட்டித்தான் திருத்த முடிந்தது. வாடகைப் பணம் இன்னும் வரவில்லை.