கலைச்சொல் வேண்டும்: பழைய தந்தி, அஞ்சலட்டையைப் ‘பார்த்து எழுதுவது’

கண்ணம்மா:
நண்பர்களே, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையேட்டைத் தமிழாக்கித் தரவேண்டும். வீடுகளில் திரட்டிய பழைய அஞ்சலட்டைகளையும் தந்திகளையும் கணினியில் ஏற்றும் தன்னார்வலர்களுக்கானது. ‘டிரான்ஸ்கிரிப்ஷன்’ என்ற சொல்லில் முட்டி நிற்கிறேன். அதிலும் இரண்டு கட்டம்: ஒன்றில் அட்டையில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் எழுதவேண்டும், மற்றதில் சுருக்கம் விரித்து, புள்ளி வைத்து, படிக்கும்படி எழுதவேண்டும். ‘எழுத்துப்பெயர்ப்பு’ என்று போட்டுப் பார்த்தேன். இரண்டு மாணவர்கள் தமிழ் அட்டையை ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள்!

இளங்கோ:
‘படியெடுப்பு’ இருக்க வேறென்ன தேடல்? ஏடு எழுதியவர்கள் படிதான் எடுத்தார்கள். படி என்றால் ஒப்பு. படிவம், படிமம், படிப்பு எல்லாம் அந்த ஒரே வேரில் முளைத்தவை என்பது என் எண்ணம். ஏட்டில் புள்ளி இராது, படிப்பவர்தான் இட்டுக்கொள்வார். ஆகவே இரண்டு கட்டமும் வேண்டாம், ஒரே சொல் போதும்.

சிவகாமி:
ஐயா, பஞ்சப்படியையும் படியாளையும் விட்டுவிட்டீர்களே. எங்கள் பள்ளி உயிரியலில் படியெடுத்தல் என்றால் டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவது. தெருமுனைக் கடையில் ஜெராக்ஸ்.

ரகு:
எங்கள் தாத்தாவின் தந்திகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. லேமினேட் செய்துவிட்டு எழுதலாமா?

நடராசன்:
ரகு தம்பி, வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது கடினம். படம் எடுத்துக்கொண்டு அதைப் பார்த்து எழுதுங்கள்.

இளங்கோவுக்கு: புள்ளி விஷயத்தில் பாதிதான் சரி. தொல்காப்பியர் மெய்க்கும் புள்ளி சொன்னார், எகர ஒகரத்துக்கும் சொன்னார். எழுதியவர்கள்தான் விட்டுவிட்டார்கள். அட்டையில் ‘பொன’ என்றிருந்தால் அது பொன்னா, ‘போன வாரம்’ என்பதில் வரும் போனவா? முடிவு செய்வது நாம். நம் முடிவு தனிக் கட்டத்தில் இருந்தால்தான் பின்னால் வருபவர் அதை மறுக்க முடியும்.

நான் பார்த்த ஓர் அட்டை. தலையில் பிள்ளையார் சுழி, கீழே ‘பார்த்திப ௵ ஆடி ௴ 5 ௳’. அதைப் பார்த்து எழுதிய பெண் வருடத்தைக் காட்டும் ௵ குறியை விட்டுவிட்டாள். உள்ளே வந்த ௸ குறியை ‘ஷை’ என்று அடித்திருந்தாள். அது ‘மேற்படி’. பார்த்திப வருடம் 1945இல் பிறந்தது, ஆடி 5 என்றால் ஜூலை 20 அல்லது 21. அஞ்சல் முத்திரையில் ஜூலை தெரிகிறது, தேதியில் முதல் இலக்கம் 2, அடுத்தது மை பரவி 1 போலவும் 4 போலவும் இருக்கிறது. அவள் ஆடிக் கணக்கை வைத்து 21 என்று முடித்துவிட்டாள். அது தவறு. எழுதிய அட்டை மூன்று நாள் மாடத்திலேயே கிடந்திருக்கலாம். உள்ளே இருப்பது எழுதியவரின் தேதி, முத்திரையில் இருப்பது அஞ்சலகத்தின் தேதி. ஒன்றைக் கொண்டு மற்றதைத் திருத்தக்கூடாது. பட்டுவாடா முத்திரை 25 என்றது, ஆகவே 21, 24 இரண்டும் உயிரோடு இருக்கின்றன.

சிவகாமி:
எங்கள் கோப்பில் இப்படிக் குறிக்கிறோம்:

```
2<choice><unclear>1</unclear><unclear>4</unclear></choice>
```

தந்தியில் அச்சிட்ட தலைப்புகளை என்ன செய்வது? ஒவ்வொன்றிலும் அடித்து மாளவில்லை.

நடராசன்:
படிவ வகைக்கு ஒருமுறை தலைப்புகளை முழுக்க எழுதிவையுங்கள். ஒவ்வொரு தந்திக்கும் எந்த எண் எந்தத் தலைப்பின் கீழ் என்று மட்டும் குறித்தால் போதும். ஆனால் தலைப்பை அறவே விட்டால், கொடுத்த நேரமும் வந்து சேர்ந்த நேரமும் இடம் மாறிவிடும். இன்னொன்று, சொல் எண்ணிக்கை. அதில் முகவரியும் கையொப்பமும் சேரும். மேலே 14 என்றிருந்தது, ஒரு பையன் எழுதியதில் 13. தேடினால் ஓரத்து மடிப்பில் ஒரு பெயர். காசு வாங்கி எண்ணியவன் அவ்வளவு எளிதில் ஏமாற மாட்டான். ஆனாலும் கணக்கு ஒத்துவர வேண்டுமென்று இல்லாத சொல்லைச் சேர்த்துவிடாதீர்கள். சொல் எண்ணும் விதி நம் கண்ணுக்குப் பட்டபடி இருக்காது.

சொல்லுக்கு: முதல் கட்டம் ‘உள்ளபடி’, இரண்டாவது ‘தெளிபடி’.

இளங்கோ:
‘உள்ளபடி’ வினையடை ஐயா, பெயர்ச்சொல் அல்ல. “உள்ளபடி சொல்லு” என்பார்கள். ‘தெளிபடி’ வினைத்தொகை, அது நிற்கும். போகட்டும், ‘தந்தி’யே வீணை நரம்பு. வடசொல். ‘தொலைவரி’ என்று...

கண்ணம்மா:
தந்தியை விட்டுவிடுங்கள், 2013இல் அதுவே போய்விட்டது. கட்டங்களுக்கு உள்ளபடி, தெளிபடி. வேலைக்குப் ‘பார்த்தெழுதல்’. மாணவர்களிடம் கேட்டேன், உடனே புரிந்தது.

சிவகாமி:
பார்த்தெழுதல் என்றால் என் வகுப்பில் தேர்வில் காப்பி அடிப்பது! இருந்தாலும் சம்மதம்.

இளங்கோ:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘உள்ளபடி’க்கு ‘ஒத்தபடி’ என்றாவது வையுங்கள்.

ரகு:
நான்கை ஏற்கெனவே லேமினேட் செய்துவிட்டேன். அதில் சொற்களை எண்ணலாம்தானே?