பிரெஞ்சு தெரிந்தவர்களிடம் ஒரு சந்தேகம்: 'லுய்' எங்கே முன்னால், எங்கே பின்னால்?

வணக்கம். முவா, துவா, லுய், ஓ ஆகிய அழுத்தப் பிரதிப்பெயர்கள் பற்றி ஒரு கேள்வி. 'அவெக் முவா' (என்னுடன்), 'பூர் ஓ' (அவர்களுக்காக) போன்றவற்றில் குழப்பமில்லை. 'முவா, ஜ ரெஸ்த்' (நானா, நான் இருக்கிறேன்) என்று அழுத்திச் சொல்வதும் பழகிவிட்டது. சிக்கல் 'அ' என்ற முன்னிடைச்சொல்லில்தான்.

'அவளிடம் பேசுகிறேன்' என்பதற்கு 'ஜ லுய் பார்ல்'. இந்த 'லுய்' வினைக்கு முன் வருவதால் அவன், அவள் இருவருக்கும் பொது. ஆனால் 'அவளை நினைக்கிறேன்' என்றால் 'ஜ பான்ஸ் அ எல்' என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே 'அ லுய்' என்றால் அவன் மட்டுமே. இரண்டு வினைகளும் 'அ' எடுக்கின்றன. ஒன்றில் பிரதிப்பெயர் முன்னால் தாவுகிறது, மற்றதில் பின்னாலேயே நின்று பாலையும் காட்டுகிறது.

ஒரு பகுதிக்குக் காரணம் பிடிபட்டது. 'ஜ மத்ரெஸ் அ எல்' (அவளை அணுகிக் கேட்கிறேன்) என்பதில் 'ம' ஏற்கெனவே முன்னால் இருக்கிறது. அதனுடன் 'லுய்' சேராது. ஆக, தற்சுட்டு வினைகள் தெளிவு.

ஆனால் 'பான்சே' (நினை), 'துனீர்' (பற்று வை) இரண்டிலும் அப்படித் தடை எதுவும் இல்லையே? கொடுப்பது, சொல்வது போல எதிராளிக்கு ஒன்று போய்ச் சேரும் வினைகள்தான் முன்னால் வாங்குகின்றன என்று ஊகிக்கிறேன். இது சரியா? பொருந்தாத வினை இருந்தால், ஒரு வாக்கியத்துடன் எழுதுங்கள். பாடநூல் பட்டியல் என்னிடம் இருக்கிறது, வேண்டியது காரணம்.