அடாபலீனால் கன்னம் உரிகிறது: ஸ்குவாலேனா, ஜோஜோபாவா?

வணக்கம். பருவுக்கு அடாபலீன் ஜெல் போட ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழிகிறது. கன்னமும் வாயோரமும் மட்டும் செதில் செதிலாக உரிகிறது. மாய்ஸ்சரைசர் போட்ட ஒரு மணி நேரத்தில் மறுபடி இழுக்கிறது.

முதலில் ரோஸ்ஹிப் எண்ணெய் வாங்கினேன். லினோலெயிக் அமிலம் அதிகம், பருத் தோலுக்கு ஒத்துக்கும் என்றார்கள். சீக்கிரம் கெட்டுப்போகும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை! ஜன்னலோரம் வைத்த பாட்டில் கொஞ்ச நாளிலேயே பழைய பெயின்ட் மாதிரி நாற, தூக்கிப் போட்டேன்.

இப்போது ஸ்குவாலேனா ஜோஜோபாவா என்று குழப்பம். இரண்டும் அவ்வளவு எளிதில் கெடாது. ஜோஜோபா உண்மையில் எண்ணெயே இல்லை, திரவ மெழுகு. ஸ்குவாலேன் அதைவிட லேசாக இருக்குமாம். எதுவானாலும் தோலுக்கு ஈரத்தைத் தராது, இருக்கிற ஈரம் போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். அதனால் மாய்ஸ்சரைசருக்கு மேல் இரண்டு சொட்டு, உரியும் இடத்தில் மட்டும் தடவலாம் என்று யோசனை. நெற்றிக்கு எதற்கு, அங்கேதான் ஏற்கனவே வழிகிறதே.

அடாபலீன் போடுகிறவர்கள் யாராவது இப்படிச் செய்து பார்த்தீர்களா? எதைப் போட்டீர்கள், புதிதாகப் பொரிப்பொரியாக வந்ததா? இல்லை, கெட்டியான மாய்ஸ்சரைசருக்கு மாறினாலே போதுமா?