அந்த ஊதலுக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி ஆசிரியர்களுக்காக ஆங்கில உச்சரிப்புக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறது. ஆங்கிலேயர் ஒருவர் உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு, குண்டூசி என்ற பொருளில் ‘பின்’ என்றால் காகிதம் படக்கென்று ஆடுகிறது. நாம் ‘பால்’ என்றால் அப்படி ஆடுவதில்லை. சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, ட, க மூன்றிலும் அவர்களிடம் இந்த ஊதல் இருக்கிறது. ‘மூச்சொலி’ என்று பெயர் வைக்கலாமா?
— வே.மு.

வே.மு. அம்மா,
புதுச்சொல் எதற்கு? ‘மகாப்பிராணம்’ ஏற்கெனவே இருக்கிறதே. இந்தியில் நொடிக்கு ‘பல்’, பழத்துக்கு ‘ப்ஹல்’. இரண்டையும் பிரிப்பது இந்த மூச்சுதான். ஆங்கிலத்தில் எல்லா ப-வும் இந்த இரண்டாம் வகை.
— கி.ரா.

எனக்கு இலக்கணம் தெரியாது, பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசும் வேலை. என் பெயர் ப-வில் தொடங்கும். நான் ‘பி’ என்று எழுத்துக்கூட்டினால், எதிர்முனையில் ஏபிசிடி-யின் இரண்டாம் எழுத்தைத்தான் எழுதுவார்கள். மூன்று முறை திருத்தியும் ஒருமுறை பயணச்சீட்டு தவறான பெயரில் வந்தது. நான் அழுத்தமாகத்தானே சொல்கிறேன்?
— ப.தே.

இது ஒலிக்கும் இடம் பற்றிய கேள்விதானே? ஆங்கில ட, நம் ட போல நாக்கை மடித்து வருவதில்லை. அது ‘வெற்றி’யில் வரும் ற்ற. அதனால்தான் டொராண்டோவை நாங்கள் யாழ்ப்பாணத்தில் ரொறன்ரோ என்று எழுதுகிறோம்.
— ச.நா.

ச.நா. சொல்லும் இட வேறுபாடு உண்மைதான், ஆனால் இது வேறு சங்கதி. ப-வுக்கு இரு மொழியிலும் உதடுதான் இடம், அப்படியும் ப.தே.யின் ப தவறாகக் கேட்கிறதே.

காரணம் குரல் தொடங்கும் நேரம். உதடு திறந்த கணத்துக்கும் குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதே கணக்கு. 1964-இல் ஒலியியல் ஆய்வாளர்கள் லிஸ்கரும் ஆப்ரம்சனும் 11 மொழிகளில் இதை அளந்தார்கள், தமிழும் அதில் உண்டு. ஆங்கில ‘பின்’னின் ப-வுக்குச் சராசரி 58 மில்லிநொடி. நம் ப-வுக்கு 12. குப்பைத்தொட்டியைச் சொல்லும் ஆங்கில ‘பின்’னுக்கு 1. நம் ப எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, பாருங்கள்! ஆங்கிலக் காது ஏறத்தாழ 25 மில்லிநொடியில் கோடு கிழிக்கிறது. நாம் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கிறோம். நமக்குக் குழப்பம் வராததற்குக் காரணம், ‘பஸ்’ என்னும்போது உதடு திறக்கும் முன்பே நம் தொண்டை அதிரத் தொடங்கிவிடுகிறது.

கி.ரா. ஐயா, ‘ஸ்பின்’னை மறந்துவிட்டீர்கள். ஸ்-க்குப் பின் வரும் ப-வில் ஊதல் கிடையாது. ஆங்கிலேயர் சொன்ன ‘ஸ்பின்’னைப் பதிவு செய்து, ஒலியை ஆராயும் Praat மென்பொருளில் திறந்து, ஸ்-இன் இரைச்சலை வெட்டி எறிந்துவிட்டு அவருக்கே போட்டுக் காட்டுங்கள். குப்பைத்தொட்டி என்பார். இந்தியில் மூச்சு பொருளை மாற்றும், ஆங்கிலத்தில் அது ஒலி நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஒரே பெயர் வைத்தால் மாணவர் எல்லா ப-விலும் ஊதுவார்.

‘மூச்சொலி’ என்றால் ஹ போல் தனி ஒலி என்று தோன்றும். வெடிப்புக்குப் பின்னே குரல் வரும்வரை கசியும் மூச்சுதானே இது? ‘பின்மூச்சு’ என்பேன். அளக்கும் இடைவெளிக்குக் ‘குரல்பிந்தல்’.
— த.இ.

‘பின்மூச்சு’ வகுப்பில் சொன்னவுடன் புரியும், எடுத்துக்கொள்கிறேன். ‘குரல்பிந்தல்’ கையேட்டுக்குக் கனமாக இருக்கிறது, ஆனாலும் அளவு சொல்லும் பக்கத்தில் தேவைப்படும்.
— வே.மு.

‘ஸ்பின்’னை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘பஸ்’ஸில் குரல் முந்துகிறது என்றீர்கள், அதையும் ‘பிந்தல்’ என்றா சொல்வது? இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும்.
— கி.ரா.

சரியான கேள்வி. ‘குரல்தொடக்க நேரம்’ என்று வைத்து, முந்தினால் கழித்தல் குறி போடலாம். நீளம்தான் உறுத்துகிறது. வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.
— த.இ.

நேற்று உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து, காற்று படும்படி ‘பி’ சொல்லிப் பார்த்தேன். எதிர்முனையில் முதல் தடவையே சரியாக எழுதினார்கள்! ‘பேப்பர்’ என்னும்போது இரண்டாவது ப-விலும் ஊத வேண்டுமா?
— ப.தே.

வேண்டாம். அழுத்தம் விழும் முதல் அசையில் மட்டும் நன்றாக ஊதுங்கள். இரண்டாவது ப-வை நீங்கள் ‘அப்பா’வில் சொல்வதுபோல் விட்டாலே போதும், நீட்டாமல்.
— த.இ.